பெயர்ப்பலகைக்கு அடியில் கிடக்கும் ஊர்



கதைக்கென்று ஒரு நகரைக் கற்பனையில் எழுப்பும்போது முதலில் வரைபடம் வரைகிறோம். அடுத்து, தெருக்களுக்குப் பெயரிடுகிறோம். அப்பெயர்கள் பெரும்பாலும் ஒரே மொழியில், ஒரே நாளில், ஒரே கை எழுதியவையாக அமைந்துவிடுகின்றன. அத்தகைய நகரில் நமக்கு முன் எவரும் வாழ்ந்ததாகத் தோன்றுவதில்லை. பழங்குடிகளும் புதுக்குடிகளும் அடுக்கடுக்காகத் தெரியுமாறு பெயரிடுவது எப்படி? அதைக் கற்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் அரைமணி நேரம் நடந்தால் போதும்.

சாலையின் தொடக்கத்திலேயே தேக்கா நிற்கிறது. சிங்கப்பூர்த் தமிழரின் நெஞ்சுக்கு மிக நெருங்கிய இப்பெயர் தமிழன்று. மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லின் திரிபு. மூங்கில் மறைந்துவிட்டது, சொல்லைத் தந்தவர்களைவிட நாமே அதை மிகுதியாக வழங்குகிறோம். அதே இடத்தை மலாய்க்காரர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றனர். தொழுவமும் இன்று இல்லை. மகப்பேற்றுக்குப் பெயர்பெற்ற மருத்துவமனையின் பெயரில் அதன் இரண்டு முதலெழுத்துகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. எருமையோ ஆங்கிலத்தில் பஃபலோ சாலையாகவும், சற்றே தள்ளி மலாயில் கெர்பாவ் சாலையாகவும் இருமுறை பலகை ஏறியது. அருகிலுள்ள பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்குகிறது. நிலத்தின் பெயர், தொழிலின் பெயர், பொருள் சேர்த்தவரின் பெயர் என மூன்று அடுக்குகள் சில நூறு அடிகளுக்குள் கிடக்கின்றன.

இன்னும் சற்று நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த பகுதியாதலால் அக்கால மக்கள் அதனைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றனர். கம்பம் என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல் தமிழ் நாவில் உருமாறியது. ஆகவே பெயரிலேயே பாதி தமிழ், பாதி மலாய். அதே சுண்ணாம்பு மலாயில் கம்போங் கப்போர் ஆயிற்று. மலாய்ப் பெயர் சாலைப் பலகையில் இன்றும் நிற்கிறது. தமிழ்ப் பெயர் முதியோர் நாவிலும் நூல்களிலும் மட்டும் தங்கியது. கற்பனை நகருக்கு இந்த இழப்பும் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் பலகைப் பெயர் ஒன்று, வாய்ப்பெயர் ஒன்று என இரண்டு பத்திகளில் எழுதிக்கொள்வோம். எவருடைய பெயர் எந்தப் பத்தியில் நின்றுவிட்டது என்பதே அந்நகரின் அதிகார வரலாறு.

அரசு ஆணையும் எப்போதும் வெல்வதில்லை. 1980களின் தொடக்கத்தில் புதிய சந்தைக் கட்டடத்துக்குத் தேக்கா என்பதன் மாண்டரின் ஒலிப்பான சூஜியாவ் என்னும் பெயர் இடப்பட்டது. எழுத்தும் பொருளும் அவையே. ஆயினும் அவ்வொலி மக்கள் நாவில் ஒட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா திரும்பிற்று. லிட்டில் இந்தியா என்பதோ சுற்றுலாவை ஒட்டிப் பரவிய பெயர். 2003இல் ரயில் நிலையத்தின் பெயராகவும் அமைந்தது. தமிழர் மட்டும் இன்றும் தேக்காவுக்குப் போவதாகவே சொல்கின்றனர்.

இனி நாமே ஓர் ஊரை அமைப்போம். அலையாத்தி மரங்கள் சூழ்ந்த ஒரு கழிமுகம். மலாய் மீனவர் அம்மரத்தின் பெயரால் அவ்விடத்தைப் பாக்காவ் என்கின்றனர். பின்னர் உப்பு விளைவிக்கத் தமிழர் வருகின்றனர். அவர்கள் குடியிருப்பு உப்புக் கம்பம் ஆகிறது. நில அளவையாளர் அதனை மொழிபெயர்த்து சால்ட் சந்து என்று பலகை நடுகிறார். உப்பளம் தூர்ந்தபின் அந்நிலத்தை வாங்கியவரின் பெயர் பெருஞ்சாலைக்கு வருகிறது. மூன்றாம் தலைமுறையில் புதிதாகக் குடியேறிய தமிழர் பாக்காவ் என்பதைப் பாக்கு எனக் கேட்டு, இங்கே கமுகந்தோப்பு இருந்ததென்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கின்றனர். அக்கதை பொய்யே; எனினும் நகருக்கு உயிர் தருவது அதுதான். புரியாத பெயரைப் பெற்றவர்கள் தமக்குத் தெரிந்த சொல்லால் அதனை நிரப்பிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம்.

ஒரு பெயரையேனும் விளக்காமல் விடுவதும் நன்று. சிராங்கூன் என்பதற்கே ஒரு நீர்ப்பறவையின் பெயர் என ஒரு விளக்கமும், அதற்கு மாறான வேறு விளக்கங்களும் உண்டு. எல்லாப் பெயரும் பொருள் சொல்லும் நகரம் பாடநூல் படம் போலாகிவிடும்.

வரைபடம் முடிந்ததும் சோதனை ஒன்று செய்யலாம். ஒரு தெருவைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே வாழ்பவருக்கு அதன் பெயர் புரிகிறதா என்று கேட்போம். எல்லாத் தெருக்களுக்கும் ஆம் என்ற விடை வந்தால் நம் நகரில் ஒரே அடுக்குதான் இருக்கிறது. அழிப்பானை எடுத்து, அங்கு முன்பு வாழ்ந்தோர் யாரென்று தீர்மானித்துவிட்டு, மீண்டும் பெயரிடத் தொடங்க வேண்டும்.