எத்தனையும் எவ்வளவும்



பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் பணி செய்து வாழும் நமக்கு ஆங்கிலம் ஏட்டு மொழியாக மட்டும் இருப்பதில்லை. அலுவலகப் படிக்கட்டில் எதிர்ப்படுபவரிடம் ஓரிரு சொற்களில் பேசிவிட்டு நகரும் மொழியாகவும் அது இருக்கிறது. அவ்வாறு விரைந்து பேசும்போது நம்மில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. 'லெஸ்' என்பதா, 'ஃபியூவர்' என்பதா என்பதே அது.

இடறுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் "இன்று ஆட்கள் குறைவு" என்கிறோம். "இன்று தண்ணீர் குறைவு" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம்மைச் சூழ்ந்துள்ள இந்தியிலும் 'கம்' என்ற ஒன்றே இரண்டுக்கும் போதும். ஆங்கில இலக்கணமோ எண்ணக்கூடிய பொருளுக்கு 'ஃபியூவர்' என்றும், அளக்கக்கூடிய பொருளுக்கு 'லெஸ்' என்றும் வகுக்கிறது.

ஆயினும் இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. குறைவைச் சொல்லும்போது காட்டாத வேறுபாட்டை நாம் கேள்வி கேட்கும்போது காட்டுகிறோம். எத்தனை ஆட்கள் என்று கேட்கிறோம். எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிறோம். ஆகவே ஐயம் வரும்போது மனத்துக்குள் தமிழில் கேட்டுப் பார்க்கலாம். 'எத்தனை' வந்தால் 'ஃபியூவர்'. 'எவ்வளவு' வந்தால் 'லெஸ்'. 'நம்பர்', 'அமௌண்ட்' என்னும் இரட்டையும் இவ்வாறே. வந்த புகார்கள் எத்தனை என்பது 'நம்பர்'. செலவான எண்ணெய் எவ்வளவு என்பது 'அமௌண்ட்'. (நம் பேச்சில் 'அமௌண்ட்' என்றாலே பணம் என்றாகிவிட்டது வேறு செய்தி.)

இச்சோதனை, இலக்கணம் பாதி கற்றவர்கள் தவறும் இடத்திலும் கைகொடுக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு என்று சொல்ல வேண்டும். 'கிலோமீட்டர்ஸ்' என்ற பன்மையைக் கண்டதும் சிலர் 'ஃபியூவர்' என்று திருத்திக்கொள்வார்கள். நாம் தமிழில் கேட்பதோ "எவ்வளவு தூரம்?" என்றுதான். அங்கே கிலோமீட்டர்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை, தூரத்தை அளக்கிறோம். எனவே 'லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்' என்பதே இயல்பு. விலையும் நேரமும் இப்படியே.

ஆனால் சோதனை பொய்க்கும் இடமும் உண்டு. இரயில் பயணத்தில் "எத்தனை லக்கேஜ்?" என்று நாம் கேட்கிறோம். ஆங்கிலத்தில் 'லக்கேஜ்' எண்ணப்படாத சொல். பத்துப் பெட்டிகள் இருந்தாலும் அது மொத்தமாகவே நிற்கும். 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவையும் அத்தகையவை. இவற்றுடன் 'லெஸ்' மட்டுமே சேரும். இவற்றை மனத்தில் இருத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, 'லெஸ் பீப்பிள்' என்று யாரேனும் சொன்னால் நகைக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எம் கருத்து. ஆங்கிலேயரே விரைவில் அப்படிப் பேசுகிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்பிரட் மன்னரின் எழுத்திலேயே அந்த வழக்கு உண்டு. எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்' நன்று என்று ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-இல் தம் விருப்பமாக எழுதினார். பின்வந்தவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள். 'லெஸ் பீப்பிள்' என்பதில் பொருள் மயங்குவதுமில்லை.

பொருள் மயங்கும் இடம் வேறு. ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கொள்வோம். தகுதியுள்ள விண்ணப்பதாரர்கள் சென்ற ஆண்டு நாற்பது பேர். இவ்வாண்டு இருபத்தைந்து பேர். இதைச் சொல்ல எண்ணிய நம்மவர், மேலதிகாரியிடம் போகிற போக்கில் "திஸ் இயர் வி ஹாவ் லெஸ் குவாலிஃபைட் கேண்டிடேட்ஸ்" என்கிறார். கேட்பவர் காதில் அது வேறாக விழுகிறது. இவ்வாண்டு வந்தவர்கள் தகுதியில் குறைந்தவர்கள் என்று அவர் கொள்கிறார். இருபத்தைந்து பேரும் நேர்காணலுக்கு முன்னரே மதிப்பிழந்துவிடுகிறார்கள்! தமிழில் இக்குழப்பம் எழாது. 'தகுதியுள்ளவர்கள் குறைவு' என்பதும் 'தகுதி குறைந்தவர்கள்' என்பதும் சொல் நிற்கும் இடத்தாலேயே பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'லெஸ்' என்பது அடுத்து வரும் பண்புச் சொல்லைப் பற்றிக்கொள்ளும். 'ஃபியூவர்' அதைத் தாண்டி ஆட்களையே சேரும்.

ஆகவே 'எக்ஸ்பீரியன்ஸ்டு', 'குவாலிஃபைட்' போன்ற சொற்கள் நடுவில் வரும்போது மட்டும் சற்றே நின்று 'ஃபியூவர்' என்று சொல்ல வேண்டும். நிற்க நேரமில்லாதவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. "நாட் மெனி குவாலிஃபைட் கேண்டிடேட்ஸ் திஸ் இயர்" என்று சொல்லிவிட்டு நடக்கலாம். ஆங்கிலேயர் பேச்சிலும் எண்ணிக்கைக்கு 'நாட் மெனி', அளவுக்கு 'நாட் மச்' என்பவை மிக இயல்பாக வருகின்றன. அவை நம் எத்தனைக்கும் எவ்வளவுக்கும் நேராக நிற்பதால், நாவும் தடுமாறுவதில்லை.