நீண்ட விதிமுறை, மூன்றே வரி



மாணவர் ஓவியங்களைச் சமூக ஊடகத்தில் பதிவேற்றுமுன், அதன் பயன்பாட்டு விதிமுறைகளைப் பெற்றோருக்கு எப்படிச் சுருக்கிச் சொல்வது?

நான் முதலில் வினைச்சொற்களின் கீழ்க் கோடிடுவேன். பிறகு ‘யார், எதை, எதுவரை?’ என்று கேட்பேன். பல தளங்களில் இப்படி ஒரு விதி உண்டு: பதிவேற்றுபவர் ‘தனியுரிமையற்ற, உலகளாவிய, கட்டணமற்ற, பிறருக்கு மாற்றத்தக்க உரிமம்’ அளிக்கிறார், பதிவை நீக்கினால் அது முடியும், பிறர் பகிர்ந்த நகல் இருந்தால் தொடரும்.

இதைச் சுருக்கினால்:

• ஓவியம் வரைந்தவருக்கே சொந்தம். அவர் அதை வேறெவருக்கும் தரலாம்.
• நிறுவனம் அதைப் பணம் தராமல் எந்த நாட்டிலும் பயன்படுத்தலாம். அந்த உரிமையைப் பிறருக்கும் தரலாம்.
• பதிவை நீக்கினால் உரிமை முடியும். பிறர் பகிர்ந்திருந்தால் முடியாது.

‘ஓவியம் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடும்’ என்று எழுதினால் பிழை. அளிப்பது உரிமம் மட்டுமே. ‘பயன்படுத்தலாம்’ என்பதைப் ‘பயன்படுத்தும்’ என்று மாற்றினாலும் பிழை. மூன்றாவது வரியின் பின்பாதியை இடம் கருதி விட்டுவிட்டால், நீக்கினால் போதும் என்று பெற்றோர் நம்பிவிடுவர்.

ஒவ்வொரு வரியின் எதிரிலும் விதியின் எண்ணையும், விதிமுறை கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையும் குறியுங்கள். தேதி மாறியிருந்தால், அந்த எண்ணுள்ள விதியை மீண்டும் படித்தாக வேண்டும்.