கேமரா போய்விட்டதா, யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் போன் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவனைப் போய் கேமரா பற்றிப் பேசச் சொன்னதற்குக் காரணம், போன நவம்பரில் நம் பிளாக்கில் நடந்த ஒரு சம்பவம். அதைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

நம் இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர் காலமான பிறகு, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முழங்கால் வலி காரணமாக வங்கிக்குப் போய் நிற்க முடியாது என்று, வீட்டிலிருந்தே ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். கேமரா திறக்க வேண்டிய இடத்தில் திரை கறுப்பாகவே நின்றது. பிறகு "Camera failed" என்று ஒரு வரி வந்தது. போனிலேயே இருக்கும் சாதாரண கேமராவைத் திறந்து பார்த்தார். அதிலும் அதே வரி.

பக்கத்துக் கடைக்காரர் போனைக் கையில் வாங்கி, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "கேமரா போயிடுச்சும்மா, மாத்தணும். 3,500 ரூபாய் ஆகும், மூணு நாள் வெச்சுட்டுப் போங்க" என்றாராம். மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்த அம்மா என்னிடம் வந்து, "அண்ணா, பணம் கொடுத்து மாத்திடவா?" என்று கேட்டார். இரண்டு நிமிடம் பொறுங்கள், முதலில் ஒன்று பார்த்துவிடுவோம் என்றேன்.

வங்கியில் நாள் முடிவில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் இன்றைய பதிவில் வந்ததா, பழைய இருப்பிலேயே இருக்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்வோம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். போனுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் சேஃப் மோட்.

"Camera failed" என்ற வரிக்கு ஒரே அர்த்தம்தான்: நான் கேமராவைக் கூப்பிட்டேன், அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த வரி சொல்லாது. கேமரா உடைந்திருக்கலாம். அல்லது வேறொரு ஆப் அதைத் தன் கையில் பிடித்து வைத்திருக்கலாம். கேமரா ஒரே ஒரு கவுன்ட்டர் மாதிரி. சாதாரணமாக ஒரு சமயத்தில் ஒரு ஆப்புக்குத்தான் கொடுக்கும். முன்னால் நிற்பவர் வேலையை முடித்து நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு. வீடியோ கால் சின்னக் கட்டமாக மூலையில் ஓடிக்கொண்டிருந்தாலோ, ஏதாவது ஆப் சரியாக மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தாலோ, அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காது.

அந்த அம்மாவின் போனை முதலில் அணைத்துப் போட்டோம். கேமரா உடனே திறந்தது! ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே வரி. இது ஒரு துப்பு. அடியோடு கெட்டுப்போன பொருள் போனை அணைத்துப் போட்டதும் பிழைத்து வருவது அரிது. ஆனாலும் உள்ளே இணைப்பு லூஸாக இருந்தால் விட்டுவிட்டு வேலை செய்யும். ஆகவே இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்து சேஃப் மோட். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இப்படிச் செய்ய வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். சில போன்களில் அதோடு வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் "Power off", "Restart" என்று வரும். "Power off" என்பதைச் சும்மா தொட்டுவிடாதீர்கள். அதன் மேல் விரலை வைத்து அப்படியே பிடித்திருங்கள். இரண்டு மூன்று விநாடியில் "Safe mode" என்று வரும். அதைத் தொட்டுச் சம்மதம் கொடுத்தால் போன் அணைந்து மறுபடி வரும். திரையின் கீழ் மூலையில் "Safe mode" என்ற எழுத்து தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இப்படி வராத போன்களும் உண்டு. அவற்றில் போனை அணைத்துவிட்டு மறுபடி போடும்போது, கம்பெனிச் சின்னம் தெரிந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்திருக்க வேண்டும்.

சேஃப் மோடில் நாம் பிறகு இறக்கிப் போட்ட ஆப் எதுவும் ஓடாது. போன் வாங்கும்போது கூடவே வந்தவை மட்டும் ஓடும். பயப்பட வேண்டாம், எதுவும் அழிந்துவிடாது. ஆப்பும் இருக்கும், அதிலுள்ள விவரமும் இருக்கும், தூங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். போன் பேசலாம். முகப்புத் திரையில் வைத்திருந்த கடிகாரம், வானிலைக் கட்டம் மாதிரியானவை கலைந்து போகலாம், பிறகு வைத்துக்கொள்ளலாம். ஜீவன் பிரமாணும் நாம் இறக்கியதுதான் என்பதால் அதுவும் அங்கே ஓடாது. சேஃப் மோடில் உட்கார்ந்து சான்றிதழ் கொடுக்க முடியாது. அது சோதனைக்கு மட்டுமே.

அந்த அம்மாவின் போனில் சேஃப் மோடில் முன் கேமரா, பின் கேமரா இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்தோம். பத்துப் பத்து நிமிடம் இடைவெளி விட்டு நான்கு தடவை. நான்கு தடவையும் படம் சுத்தமாக வந்தது. கேமரா நன்றாக இருக்கிறது, பிடித்து வைத்திருப்பது யாரோ வெளியாள் என்று முடிவுக்கு வந்தோம். போனை "Restart" கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

இனி அந்த ஆளைப் பிடிக்க வேண்டும். "Settings" உள்ளே "Permission manager" என்று ஒன்று உண்டு. மேலே தேடும் கட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டால் வரும். அதில் "Camera" என்பதைத் தொட்டால், கேமராவைத் தொட யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பட்டியல் வரும். அவர் போனில் பதினான்கு பெயர். எல்லாவற்றையும் சந்தேகப்படத் தேவையில்லை. "இந்தத் தொல்லை எப்போதிலிருந்து?" என்று கேட்டேன். "தீபாவளிக்குப் பேரன் வந்துட்டுப் போனதிலிருந்து" என்றார். தீபாவளிக்குப் பிறகு வந்தவை மூன்று: படத்தில் பூ ஒட்டும் ஆப் ஒன்று, கியூஆர் ஸ்கேனர் ஒன்று, மற்ற ஆப்களுக்குப் பூட்டுப் போடும் ஆப் ஒன்று.

மூன்றையும் ஒரே மூச்சில் நீக்கலாம்தான். ஆனால் குற்றவாளி யாரென்று தெரியாது. பேரன் அடுத்த லீவுக்கு வந்து அதையே மறுபடி போட்டுவிடுவான். ஒன்றை நீக்கி, போனை அணைத்துப் போட்டு, கேமராவைச் சில தடவை திறந்து பார்த்தோம். பூ ஒட்டும் ஆப் போனது, தொல்லை போகவில்லை. ஸ்கேனர் போனது, அப்போதும் போகவில்லை. பூட்டு ஆப்பை நீக்கப் பார்த்தால் "Uninstall" பட்டன் மங்கலாக இருந்தது, தொட்டால் நகரவில்லை. தன்னை யாரும் எளிதில் நீக்கிவிடக் கூடாது என்று அது நிர்வாகி உரிமை வாங்கி வைத்திருந்தது. "Settings" தேடலில் "Device admin apps" என்று போட்டு, அங்கே அதன் உரிமையை எடுத்தபின் நீக்க முடிந்தது.

யாராவது தப்பான கடவு எண் போட்டால் அவர்கள் முகத்தை ரகசியமாகப் படம் எடுக்கும் வசதி அந்த ஆப்பில் இருந்தது. அதற்காகத்தான் முன் கேமராவைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது போனதிலிருந்து "Camera failed" வரவில்லை. இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, எனக்கு ஒரு டம்ளர் காபி வரவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வாட்ஸ்அப் மாதிரி முக்கியமான ஒன்றின் மேல் விழுந்தால் நீக்காதீர்கள். பேக்கப் இல்லாமல் நீக்கினால் பழைய உரையாடல்கள் போய்விடும். "Permission manager" பட்டியலில் அதைத் தொட்டு "Don't allow" கொடுத்து, போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதே சோதனைதான், இழப்பு இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதலான போன்களில் இன்னும் ஒரு உதவி உண்டு. ஏதாவது ஒரு ஆப் கேமராவைப் பயன்படுத்தும்போது திரையின் மேல் வலது மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். நீங்கள் கேமராவைத் திறக்காதபோது அந்தப் புள்ளி நின்றால், மேலிருந்து திரையை இழுத்து அதைத் தொட்டுப் பாருங்கள், யாரென்று பெயரே சொல்லும்.

இனி மறுபக்கம். இது என் சொந்த அனுபவம். என் போன் மாடிப்படியில் விழுந்தது. மறுநாள் அதே "Camera failed". சேஃப் மோடில் போட்டேன். முன் கேமரா நன்றாக வந்தது. பின் கேமரா நான்கு தடவையும் வரவில்லை. எந்த வெளி ஆப்பும் ஓடாத இடத்திலும் வரவில்லை என்றால், கோளாறு போனுக்கு உள்ளே.

அப்போதும் உடனே பாகம் மாற்றக் கிளம்பவில்லை. ஏனென்றால் போனோடு வந்த கேமரா ஆப்பே குழம்பியிருக்கலாம். சேஃப் மோடில் அதுவும் ஓடுகிறதே! அதனால் "Settings", "Apps", "Camera", "Storage" என்று போய் "Clear cache", பிறகு "Clear data" கொடுத்தேன். எடுத்த படங்கள் இதனால் போகாது, கேமராவில் நாம் செய்து வைத்த அமைப்புகள் மட்டும் பழைய நிலைக்குப் போகும். பலனில்லை. சிஸ்டம் அப்டேட் ஏதும் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. வீடியோ காலில் பின் கேமராவுக்கு மாற்றினாலும் கறுப்புதான். விழுந்ததற்கு மறுநாள் வந்தது, ஒரே பக்கக் கேமரா, எந்த ஆப்பிலும் வரவில்லை. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின.

போனுக்குள் கேமரா ஒரு மெல்லிய பட்டை மூலம் போர்டில் சொருகப்பட்டிருக்கும். பழுது பார்ப்பவர் என் முன்னாலேயே திறந்தார். அந்தச் சொருகல் ஒரு பக்கம் தூக்கி நின்றது. அமுக்கிப் பொருத்தியதும் சரியானது, கூலி மட்டும் கொடுத்தேன். எல்லோருக்கும் இப்படி அமையாது. லென்ஸ் பகுதியே அடிபட்டிருந்தாலோ, தண்ணீர் இறங்கியிருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், "சொருகலைப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்" என்று சொல்லும் அளவுக்காவது நமக்கு விவரம் வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத போனை வெளியில் திறக்கக் கொடுக்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. லூஸ் இணைப்பு சேஃப் மோடில் ஒரு தடவை நல்ல பிள்ளையாக நடிக்கும். அதனால்தான் நான்கு தடவை என்றேன். ஃபேக்டரி ரீசெட் என்று சொல்லும், போனையே புதிதுபோல் துடைக்கும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தால் படம், எண்கள் எல்லாம் போகும். நகல் எடுத்து வைக்காமல் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். போன் ஒவ்வொரு தடவையும் தானாகவே சேஃப் மோடுக்குப் போனால் உறையைக் கழற்றிப் பாருங்கள், வால்யூம் பட்டனை அது அமுக்கிக்கொண்டிருக்கலாம்.

கடைக்காரர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் சோதிக்கவில்லை, அவ்வளவே. அந்தச் சோதனையை நாமே நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். பென்ஷன்காரர்கள் நவம்பர் வரும்வரை காத்திராமல், அக்டோபரிலேயே ஒருமுறை முன் கேமராவைத் திறந்து பார்த்து வையுங்கள். சேஃப் மோடுக்குப் போக வழி தெரியாமல் தவிப்பவர்கள், மாலை ஆறு மணிக்கு நம் பூங்கா பெஞ்சுக்குப் போனோடு வரலாம். நான் அங்கேதான் இருப்பேன்.