கீற்ஸின் பாடலுக்கு இரு பாடங்கள்



பாடபேதம் என்றவுடன் ஏட்டுச் சுவடிகளும் ஏடெழுதுவோர் பிழைகளுமே நம் நினைவுக்கு வரும். கவிஞனே தன் பாட்டைத் திருத்திவிட்டால் எப்பாடத்தைக் கொள்வது? ஆங்கிலக் கவிஞர் கீற்ஸ் இயற்றிய 'இரக்கமற்ற அழகி' என்னும் பாடலைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1819 ஏப்ரலில், அமெரிக்காவிலிருந்த தம் சகோதரருக்கு எழுதிய நெடுங்கடிதத்தில் கீற்ஸ் இப்பாடலை எழுதிவைத்தார். 1820 மே மாதம் லீ ஹண்ற் நடத்திய 'இன்டிகேற்றர்' இதழில் அது வெளிவந்தபோது பல சொற்கள் மாறியிருந்தன. கதை ஒன்றே. வாடிய ஏரிக்கரையில் தனித்துத் திரியும் ஒருவனை நோக்கி, உனக்கு என்ன நேர்ந்தது என்று வினவுகிறது ஒரு குரல். மாயப் பெண்ணொருத்தியைக் கண்டதையும், அவளுடைய குகையில் உறங்கிக் கொடுங்கனாக் கண்டதையும் அவன் கூறுகிறான்.

கடிதப் பாடத்தில் அக்குரல் அவனைப் போர்வீரனே என்று விளிக்கிறது. இதழ்ப் பாடத்திலோ, துயருற்றவனே என்கிறது. பின்னைய விளியில் மோனை நயம் உண்டு. பழங்கதைப் பாடலின் வாடையும் உண்டு. ஆயினும் அவன் துயருற்றவன் என்பதை முதலடியே சொல்லிவிட்டால், வினாவுக்கு என்ன வேலை? படைக்கலம் தாங்கியவன் முகம் வெளிறி நிற்பது ஏன் என்னும் வியப்பே கேட்போரைக் கதைக்குள் இழுக்கிறது.

குகைக் காட்சியில் வேறுபாடு இன்னும் ஆழமானது. முதற் பாடத்தில் அவள் அழுகிறாள். அவன் நான்கு முத்தங்களால் அவள் கண்களை மூடுகிறான். நான்கு ஏன்? இரு கண்களுக்கும் குறைவின்றிச் சமமாகப் பங்கிடவே என்று கீற்ஸ் அதே கடிதத்தில் நகையாடுகிறார். அந்த எண் இதழ்ப் பாடத்தில் இல்லை. முத்தமிட்டு உறங்கச் செய்தான் என்ற செய்தி மட்டுமே உண்டு. அழுகையும் வெறும் நோக்காகிவிட்டது. என் செவிக்கு இது பெரிய இழப்பு. இப்பாடலின் ஒவ்வொரு கண்ணியிலும் முதல் மூன்றடிகள் நீண்டவை, நான்காமடி குறுகியது. அக்குறுகிய அடியில் எண் வந்து விழும்போது, வாழ்வு குலைந்த ஒருவன் அந்நான்கை மட்டும் மறவாது வைத்திருக்கிறான் என்பது புலனாகிறது.

அதனை அடுத்து வருவதே தீர்ப்புக்குரிய இடம். முதற் பாடத்தில் அவளே அவனைத் தாலாட்டித் துயிலச் செய்கிறாள். அழுதவளே மயக்கியவளும் ஆகிறாள். அவள் அன்புடையவளா, வஞ்சகியா என்பது விளங்கவில்லை. உறக்கத்தில், வெளிறிய அரசரும் வீரரும் தோன்றி, நீயும் அவள் வசப்பட்டாய் என்று எச்சரிக்கும்போது, அத்தாலாட்டு நம் நினைவில் நின்று நடுக்கம் தருகிறது. திருத்திய பாடத்திலோ இருவரும் பாசிமேல் சேர்ந்தே உறங்கிவிடுகிறார்கள். அவள் செய்தது ஒன்றுமில்லை. ஆகவே எச்சரிக்கைக்கும் பற்றுக்கோடு இல்லை.

கவிஞன் இறுதியாக வெளியிட்டதையே கொள்ளவேண்டும் என்பாரும் உளர். பதிப்பாசிரியருக்கு அவ்விதி பயன்படலாம்; சுவைப்போரை அது கட்டுப்படுத்தாது. 1848இல் மில்ன்ஸ் வெளியிட்ட கீற்ஸ் வரலாற்று நூலில் முந்திய பாடத்தை ஒட்டிய வடிவமே அச்சேறியது. பெரும்பாலான தொகுப்புகளில் இன்று நாம் படிப்பதும் அதுவே.