டீச்சரம்மாவின் பில் கம்பி

மயிலாடுதுறை பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு பில் கம்பி தொங்குகிறது. அந்த வீட்டு அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. கரண்ட் பில், கேஸ் ரசீது, பால் கணக்கு எல்லாம் முப்பது வருடமாகத் தேதி வாரியாக அந்தக் கம்பியில் ஏறும். போன வருடம் பொங்கலுக்கு வந்த மகள், கம்பியில் ஒரே கரண்ட் பில்லுக்கு இரண்டு ரசீதுகள் குத்தியிருப்பதைப் பார்த்தாள். மருத்துவக் காப்பீட்டின் ரசீது எங்கேயும் இல்லை.

இந்த இரண்டும் ஒன்றல்ல. மின்வாரியத்துக்குக் கூடுதலாகக் கட்டிய பணம் எங்கும் போகாது, அடுத்த பில்லில் கழிந்துவிடும். காப்பீடு அப்படியில்லை. கெடு முடிந்து பொதுவாக ஒரு மாதம் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால் எழுபது வயதுக்காரர் புது பாலிசிதான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். நல்ல வேளை, டீச்சரம்மாவின் அவகாசத்தில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

நினைவு தடுமாறத் தொடங்குவதை, வீட்டார் கவனிப்பதற்கு முன்பே வங்கிக் கவுண்டர் பார்த்துவிடும். இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர், கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆயுசில் பாதியைக் கழித்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். காலையில் பாஸ்புக் பதிந்துபோனவர் மத்தியானமும் வருவார். “பென்ஷன் ஏறிடுச்சா தம்பி?” என்று ஒரே வாரத்தில் நாலு தடவை கேட்பார். கையெழுத்தில் ஒரு சுழி காணாமல் போய், செக் திரும்பிவரும். டீச்சரம்மா ஒரே நாளில் இரண்டு தடவை ஏ.டி.எம்.மில் பத்தாயிரம் எடுத்திருந்தார். அதில் ஒரு பத்தாயிரம் சுவாமி அலமாரியில், பித்தளைச் சொம்புக்குள் இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

மருத்துவர் பார்த்துவிட்டு, நினைவுத் தடுமாற்றத்தின் ஆரம்ப நிலை என்றார். சொன்னால் டீச்சரம்மாவுக்குப் புரிகிறது, யோசித்து முடிவெடுக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். அந்த நிலையில்தான் எல்லா வேலையும் நடக்க வேண்டும்.

ஏன் என்று கேட்கும் நேயர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். “பவர் எழுதி வாங்கியாச்சு சார், இனிமே கவலையில்லை” என்று எத்தனையோ பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்துவிட்டால் அந்தப் பவரும் அதோடு முடிந்துபோகும். எதற்காக எழுதி வாங்கினோமோ, அந்த நாளில்தான் அது உதவாது. அதன்பின் காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றப் படியேற வேண்டும். கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாதவருக்கு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைக்க வங்கியில் வழி உண்டு. ஆனால் கை நடுங்குவது வேறு, நினைவு தடுமாறுவது வேறு.

மகளும் மகனும் அம்மாவை உட்கார வைத்துப் பேசினார்கள். அவர் முதலில் கோபப்பட்டார். பள்ளியில் சத்துணவுக் கணக்கையும் சிறுசேமிப்புப் பணத்தையும் பைசா பிசகாமல் பார்த்தவர் இல்லையா! “என்னை வரவு செலவு தெரியாதவ ஆக்கறீங்களா?” என்றார். “கணக்கு உங்க கையிலதாம்மா இருக்கும், ஓடிப்போய்க் கட்டற வேலை மட்டும் எங்களுக்கு” என்று மகள் சொன்ன பிறகுதான் இறங்கிவந்தார்.

அவருடைய பென்ஷன் 34,000 ரூபாய். அது வரும் கணக்கு அவர் பெயரில் தனியாக அப்படியே இருந்தது. பென்ஷன் கணக்கில் பொதுவாகக் கணவனையோ மனைவியையோதான் சேர்ப்பார்கள், பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை வங்கியில் ஒப்படைத்துவிட்டு, யு.பி.ஐ.யையும் இணைய வசதியையும் நிறுத்தச் சொல்லி டீச்சரம்மாவே எழுதிக்கொடுத்தார். இனி எவனாவது போனில் அதட்டி ஓ.டி.பி. கேட்டாலும், அந்தக் கணக்கில் கை வைக்க அவனுக்குக் கதவு இல்லை.

அடுத்து, அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு பில் கணக்கு தொடங்கினார்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதி, பென்ஷன் கணக்கிலிருந்து 16,000 தானாக அங்கே போகும்படி நிலையான உத்தரவு கொடுத்தார்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு 5,000, பாலும் மளிகையும் 6,000, மருந்து 2,000, கரண்டுக்கு 700, காப்பீட்டுக்காக மாதம் 2,300. வருடக் கடைசியில் 27,600 ரூபாய் பிரீமியம் அங்கே தயாராக நிற்கும். அந்தக் கணக்கின் எஸ்.எம்.எஸ். மகளின் போனுக்கு வரும்.

மூன்றாவதுதான் இந்த மேலாளருக்கு மிகவும் பிடித்தது. டீச்சரம்மா பெயரில் ஒரு சின்னக் கணக்கு, அதற்கு ஒரு கார்டு, மாதம் 4,000 ரூபாய். கோயிலுக்கு, பேத்திக்கு, பூக்காரிக்கு, அவர் இஷ்டம். தொலைந்தாலும் ஏமாந்தாலும் நஷ்டம் அந்த நாலாயிரத்தோடு நிற்கும். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட வீடுகளில், பெரியவர்கள் பக்கத்து வீட்டில் கடன் கேட்டதையும், பேங்க்கில் வந்து “என் பணத்தை என் மகன் திருடிட்டான்” என்று அழுததையும் இந்த மேலாளர் பார்த்திருக்கிறார். பர்ஸில் நாலு நோட்டு இருந்தால் பாதி சண்டை வராது.

கூட்டுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மகன் சென்னையிலிருந்து, “ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்கலாம்னு வெச்சிடலாம், அதான் பத்திரம்” என்றான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நாளைக்கு அம்மாவால் கையெழுத்துப் போட முடியாமல் போனால், கணக்கும் அவரோடு உறைந்துவிடும். ‘இருவரில் எவரும், அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையைத்தான் படிவத்தில் குறிக்க வேண்டும். மகள் நினைத்தால் முழுவதையும் எடுக்கலாமே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் அந்தக் கணக்கில் ஒரு மாதச் செலவுப் பணமும் காப்பீட்டுக்குச் சேரும் தொகையும் தவிர வேறெதுவும் வைக்கவில்லை. மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பதிந்து, படம் எடுத்து அண்ணனுக்கும் அனுப்பிவிடுகிறாள். கையெழுத்தான வாரத்திலேயே, அம்மா புரிந்துதான் செய்தார் என்று மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கிவைத்தார்கள். நாளை சொந்தத்தில் யாராவது கேள்வி கேட்டால் அது பேசும்.

இதில் எட்டாதவையும் உண்டு. பென்ஷன் கணக்கில் சேரும் மிச்சம் 14,000த்தை எடுக்க, டீச்சரம்மா கையெழுத்து எப்போதும் வேண்டும். அதனால் அவ்வப்போது அதை மகள் பெயரும் சேர்ந்த வைப்பு நிதியில், நாமினியோடு போட்டுவிடுகிறார்கள். வருடாந்தர நேர்காணலை மறக்காமல் முடிக்க வேண்டும். தவறினால் பென்ஷன் நின்று, மற்ற இரண்டு கணக்குகளும் காய்ந்துவிடும். அந்தத் தேதி காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறது.

மணி ஆகிவிட்டது, நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், தாமதம் வேண்டாம். மற்றபடி, அடுத்த தடவை பாஸ்புக் பதியப் போகும்போது அம்மாவையோ அப்பாவையோ கூடவே அழைத்துப்போய், படிவங்களை அவர்கள் கையாலேயே நிரப்ப வைப்பீர்கள் என்று நம்பலாம். டீச்சரம்மா வீட்டில் கரண்ட் பில் இப்போது தானாகவே கட்டப்படுகிறது. அதற்கும் மகள் ஒரு ரசீது பிரின்ட் எடுத்து அனுப்புகிறாள். கம்பியில் குத்துவது மட்டும் அவர்தான்.