கேட்டது ஒரு வீட்டின் விலை



கோயம்புத்தூரில் ஒரு பெண் சொந்த வீடு தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரவணம்பட்டிப் பக்கம், இரண்டு படுக்கையறை இருந்தால் போதும். ஃபேஸ்புக்கில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் படுகிறது. 'விலை விவரம் பெற' என்ற பொத்தானைத் தொட்டதும் ஒரு படிவம் திறக்கிறது. அவர் எதையும் எழுதவில்லை. பெயரும் போன் நம்பரும் அவருடைய கணக்கிலிருந்தே வந்து கட்டங்களில் நிரம்பி நிற்கின்றன. 'சமர்ப்பி' என்பதைத் தொடுகிறார், அவ்வளவுதான். விற்பனைத் துறையில் இருப்பவர்கள் இதை 'லீட்' என்பார்கள்.

அரை மணி நேரத்தில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வருகிறது. விலை சொல்கிறார்கள். அது அவர் எதிர்பார்த்த அழைப்பு. மறுநாள் வீட்டுக்கடன் தருவதாக ஒருவர் அழைக்கிறார். அடுத்து மாடுலர் கிச்சன் செய்பவர். இரண்டு மாதம் கழித்து, அதே நிறுவனம் அவிநாசி சாலையில் தொடங்கும் வேறொரு திட்டத்துக்காக அழைக்கிறது. இவற்றில் எந்த அழைப்புக்கு அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார்?

2023இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இதே போன்ற ஒரு நிகழ்வை அந்தச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஒருவர் வீட்டுத் தரகருக்குச் செய்தி அனுப்பி, வாடகை வீடு பார்த்துத் தரச் சொல்லித் தன் விவரங்களைக் கொடுக்கிறார். தரகர் அந்த விவரங்களை வைத்து வீடு தேடலாம், கிடைத்த வீடுகளைப் பற்றி அவருக்குச் சொல்லலாம். 'இனி உங்கள் உதவி வேண்டாம்' என்று அவர் சொன்னதும், அந்த விவரங்களைப் பயன்படுத்துவதைத் தரகர் நிறுத்திவிட வேண்டும்.

ஆக, ஒருவர் தானாக முன்வந்து நம்பர் கொடுத்து ஒன்றைக் கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லத் தனியாக ஒரு சம்மதம் தேவையில்லை. முதல் அழைப்பு சரியான அழைப்புதான். ஆனால் வீட்டுக்கடனும் மாடுலர் கிச்சனும் புதிய திட்டமும் அவர் கேட்காத காரியங்கள். அவற்றுக்குத் தனிச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் வரையறுக்கிறது: வற்புறுத்தல் இல்லாமல், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமின்றி ஒரு செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான படிவங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'சமர்ப்பிப்பதன் மூலம் எங்கள் நிறுவனமும் எங்கள் பங்குதாரர்களும் உங்களைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறீர்கள்.' இந்த வரி சட்டத்தின் முன் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பங்குதாரர்கள் யார், எதற்காகத் தொடர்புகொள்வார்கள் என்று அதில் இல்லை. விலை தெரிய வேண்டுமென்றால் விளம்பரத்துக்கும் சேர்த்துத் தலையாட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குள் இருக்கிறது.

அதே படிவத்தை நேர்மையாக எழுதுவது கடினமல்ல. 'நீங்கள் கேட்ட வீட்டின் விலையைச் சொல்ல மட்டும் இந்த நம்பரில் அழைப்போம்' என்று ஒரு வரி. அதன் கீழே, காலியாக விடப்பட்ட ஒரு கட்டம்: 'எங்கள் புதிய திட்டங்களைப் பற்றியும் சொல்லலாம்.' கடனுக்காக நம்பரை ஒரு வங்கிக்குக் கொடுப்பதானால், வங்கியின் பெயரைச் சொல்லி இன்னொரு காலிக் கட்டம். இரண்டையும் தொடாமல் விட்டாலும் விலை விவரம் போய்ச்சேர வேண்டும். கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்தால் அது அந்தப் பெண்ணின் செயல் ஆகாது. கூடவே, சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, எங்கே புகார் செய்வது என்பதும் அங்கேயே தெரிய வேண்டும். இந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதியும் தர வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளுக்கும் அந்த உரிமை உண்டு.

பிறகு தகராறு வந்தால் சம்மதம் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அதனால் நம்பரை மட்டும் சேமித்தால் போதாது. எந்த நாள், எந்த நேரம், எந்த வாசகம் இருந்த படிவம், எந்தக் கட்டத்தில் டிக் என்பதையும் அதோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், பல அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

கண்காட்சி ஸ்டாலில் பரிசுக் கூப்பன் என்று நம்பரைக் காகிதத்தில் வாங்கினாலும், அதைக் கணினியில் ஏற்றிய நிமிடம் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பிளஸ் டூ மாணவர்களிடம் நம்பர் வாங்கும் கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் சட்டத்தின் கண்ணில் குழந்தை. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும்.

உண்மையில் சிக்கல் முற்றுவது 'வேண்டாம்' என்ற சொல்லில்தான். நம் கோயம்புத்தூர்ப் பெண் வேறு இடத்தில் வீடு வாங்கிவிட்டார். அழைத்தவரிடம் 'வாங்கியாச்சு, இனி கூப்பிடாதீங்க' என்கிறார். அந்தப் பணியாளர் தன் எக்ஸெல் தாளில் அவர் பெயருக்கு நேராக 'ஆர்வமில்லை' என்று குறிக்கிறார். ஆனால் அதே பட்டியலின் ஒரு நகல் மேலாளரின் மடிக்கணினியில் இருக்கிறது. இன்னொன்று வெளியே ஒப்பந்தத்துக்கு எடுத்த அழைப்பு மையத்தில். முதல் நாளே முகவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட நம்பர் இருபது போன்களில் கிடக்கிறது. மூன்று வாரத்தில் வேறொருவர் அழைக்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர் சொன்ன 'வேண்டாம்' ஒரே ஒரு நகலோடு நின்றுவிட்டது.

சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். திரும்பப் பெற்ற பின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர, விவரத்தை அழிக்க வேண்டும். வேலையை அழைப்பு மையத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும். அந்த மையத்தோடு செல்லுபடியாகும் ஒப்பந்தம் போடுவதும், அங்கேயும் அழிக்கச் செய்வதும் அதன் கடமை. உங்கள் நிறுவனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 'வேண்டாம்' என்ற ஒருவரின் நம்பரை எடுத்து, உங்கள் கணினிகள், பணியாளர்களின் போன்கள், அழைப்பு மையத்தின் பட்டியல் என்று எல்லா இடத்திலும் தேடிப் பாருங்கள். கிடைத்த இடமெல்லாம் ஓட்டை. நம்பர்களை ஒரே இடத்தில் வைத்து, அங்கிருந்து மட்டும் அழைக்கச் செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நான் சொன்ன கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். கடமைகள் நடைமுறைக்கு வரும் முன் சம்மதத்தோடு வாங்கிய பழைய பட்டியல்களுக்கும், எதற்காக வைத்திருக்கிறோம் என்று உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

விளம்பர அழைப்புகளுக்கு ட்ராய் அமைப்பின் விதி ஏற்கெனவே இருக்கிறது. விற்பனை அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால், அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் 1909க்குப் புகார் செய்யலாம். டிஎன்டி பட்டியலில் பதிவு செய்யாதவரும் செய்யலாம். புகாரில் அழைத்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்ற மூன்றும் வேண்டும். அதனால் அழைப்பு முடிந்த கையோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.