மண்ணு திங்கிற ஆசை: மசக்கையா, ரத்தசோகையா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடில் கர்ப்ப கால வாந்தியைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒரு தங்கச்சி குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. "அக்கா, எனக்கு மாங்காயும் கேக்கல, புளியும் கேக்கல. மழை பெஞ்சு சுவரு நனைஞ்சா அதைப் பேத்துத் திங்கணும்போல இருக்கு. மாமியார்கிட்ட சொல்லப் பயமா இருக்கு. நான் மட்டும்தான் இப்படியா?"

நீங்க மட்டும் இல்லம்மா. புறநானூற்றின் 20-ஆம் பாட்டு ஒரு சேர மன்னனைப் பாடுவது. உன் நாட்டு மண்ணை மசக்கைக்காரப் பெண்கள் ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு, எதிரி யாரும் அதைத் தொட முடியாது என்று அந்தப் புலவர் சொல்கிறார். கர்ப்பிணிப் பெண் மண் தின்பது அன்றைக்கே ஊரறிந்த விஷயம். இன்றைக்கு நாம்தான் அதை மறைக்கிற விஷயமாக்கிவிட்டோம்.

நான் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். அடுப்பு மண், செங்கல் தூள், பல்பம், சாக்பீஸ், விபூதி, சாம்பல், பச்சரிசி, ஐஸ் கட்டி என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். பைக்கா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். உணவல்லாத ஒன்றை விடாமல் தின்னத் தோன்றுவது. பச்சரிசியையும் ஐஸையும்கூட இந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

சாதாரண மசக்கை வேறு. முதல் மூன்று மாசம் கறி, மீன், தாளிக்கிற வாசனை எதுவும் ஆகாது. புளிப்பு கேட்கும், காரம் கேட்கும். பெரும்பாலானவர்களுக்கு நாலாவது, ஐந்தாவது மாசத்தில் அது தானாகக் குறைந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மண்ணும் பல்பமும் கேட்டால் மட்டும் ஒரு கேள்வி கேட்கணும்: ரத்தம் எவ்வளவு இருக்கு?

ஏன் அந்தக் கேள்வி? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. பைக்கா இருக்கிறவர்களுக்கு ரத்தசோகை இருக்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதனால் நம்ம ஊரில் ஒரு பெண் மண் தின்கிறாள் என்றால் அவளுக்கு ரத்தக்குறைவு இருக்கும் என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் மண் தின்கிற எல்லாருக்கும் ரத்தசோகை இருக்கும் என்று சொல்ல முடியாது. சோதித்துத்தான் பார்க்கணும்.

"உடம்புக்குச் சத்து வேணும், அதான் மண்ணு கேக்குது" என்று பெரியவர்கள் சொல்வாங்க. அரியலூர் பக்கம் இதை இன்னும் உறுதியாகச் சொல்வாங்க. அங்கே பூமியே சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதனால்தான். "பிள்ளைக்கு எலும்பு வளர சுண்ணாம்புச் சத்து கேக்குது" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குடலுக்குள் நடப்பது வேறு. சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் ஒரே நேரத்தில் உள்ளே போனால், இரும்பு உடம்பில் சேர்வது குறையும். களிமண்ணும் அப்படித்தான். சாப்பாட்டில் இருக்கிற இரும்பைத் தன்னோடு ஒட்டவைத்து வெளியே கொண்டுபோய்விடும். ஆக, இரும்பு குறைவதால் மண் கேட்கிறதா, மண் தின்பதால் இரும்பு குறைகிறதா என்பது இன்னும் முழுசாகத் தீராத கேள்வி. இரண்டுமே நடக்கலாம். எப்படி இருந்தாலும் மண் மருந்து ஆகாது.

இன்னும் இரண்டு ஆபத்து. வெளிக்குப் போகிற இடத்து மண்ணில் குடல்புழுவின் முட்டைகள் இருக்கும். சில மண்ணில் ஈயம் இருக்கும், அது தாய் வழியாகப் பிள்ளைக்கும் போகும். வங்கதேசத்து மக்கள் தின்கிற 'சிக்கோர்' என்ற சுட்ட மண் பிரிட்டன் கடைகளிலும் விற்கிறது. அதில் ஈயமும் ஆர்சனிக்கும் இருப்பதால் கர்ப்பிணிகள் தின்னக்கூடாது என்று அந்த நாட்டு அரசே எச்சரித்திருக்கிறது. சுட்டுவிட்டால் கிருமி சாகும், ஈயம் போகாது.

ஒரு பொண்ணைப் பற்றிச் சொல்றேன். செந்துறைப் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், அஞ்சு மாசம். "மண்ணு திங்கிறியா?" என்று நேராகக் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால், "மழை வாசனை வந்தா நாக்கு ஊறுதா கண்ணு? பச்சரிசி மெல்லுவியா?" என்று கேட்டேன். சிரித்தாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே பானை ஓட்டுத் துண்டும் நாலு பல்பமும்.

ரத்தம் 8.4 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது. 7-க்கும் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கணும். இவள் நடுவில் இருந்தாள். "மாத்திரை குடுத்தாங்களே, போடுறியா?" என்றேன். போடுறேன் என்றாள். எப்படிப் போடுகிறாள் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. காலையில் டீயோடு இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறாள். டீயும் கால்சியமும் இரும்பைத் தடுக்கும். மலம் கறுப்பாகப் போகவே பயந்து வாரத்தில் பாதி நாள் விட்டும் இருக்கிறாள். கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையால் வருவது, அதற்குப் பயமே வேண்டாம்.

மாற்றியது கொஞ்சம்தான். கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணியோடு. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. நாலாவது மாசத்திலிருந்து 180 நாளுக்குத் தினம் ஒன்று தருவது வழக்கம். இவளுக்கு ரத்தம் குறைவு என்பதால் டாக்டர் இரண்டாக்கினார். பூச்சி மாத்திரை ஒன்றும் கொடுத்தார். அது முதல் மூன்று மாசத்தில் கூடாது, அதற்குப் பிறகுதான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவளே வந்து, "இப்போ பல்பத்தைப் பாத்தா அவ்வளவா தோணலக்கா" என்றாள். ரத்தம் ஏறுவதற்கு முன்பே ஆசை குறையும். ஐஸ் தின்கிறவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு மாசத்தில் 9.6 ஆனது. மாசத்துக்கு ஒரு கிராமாவது ஏறணும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். பிரசவத்தில் ரத்தம் போகும்போது, கையில் இருப்பே குறைவாக இருக்கிறவளுக்குத்தான் உயிராபத்து. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்றேன்.

குரல் பதிவு அனுப்பின தங்கச்சிக்கு: வர செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. ரத்தம் பார்க்கச் சொல்லுங்க, என்ன திங்கத் தோணுதுன்னும் நர்ஸ்கிட்ட சொல்லுங்க. அவங்களுக்கு அது புதுசு இல்லை. ஆசை வரும்போது பொரிகடலையோ நெல்லிக்காயோ மென்று பாருங்க.

இதைக் கேட்கிற மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று. திட்டினால் அவள் மண் தின்பதை நிறுத்த மாட்டாள், உங்களுக்குத் தெரியாமல் தின்பாள். தெரியாமல் போனால் ரத்தசோகையும் தெரியாமலே போய்விடும்.

அடுத்த எபிசோடில் கர்ப்ப கால சர்க்கரையைப் பற்றிப் பேசலாம். கேள்வி இருந்தால் அனுப்புங்க.